உரிக்காத வெங்காயம் கறிக்குள் வந்தது எப்படி?



வெங்காயமும் உள்ளியும் இல்லாத சமையலறை நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் நம் கை தானாகத் தேடுவது அவ்விரண்டையும்தான். ஆனால் வீட்டில் யாராவது ஒருவருக்கு அவை ஆகாது என்று வந்துவிட்டால், ஒரு விநோதமான சிக்கலைச் சந்திக்கிறோம். வெங்காயம் உரிப்பதை நிறுத்துகிறோம், உள்ளி தட்டுவதை நிறுத்துகிறோம். ஆனாலும் இரண்டும் சோற்றுக் கோப்பைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அவை வருகின்ற வழி மசாலாப் பக்கற்றும், சோஸ் போத்தலும், சூப் கட்டியும்தான். அங்கே அவை தூளாகி, வேறு பெயர்களுக்குள் மறைந்து இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

இரண்டு வகையான விலக்கு

முதலில், யாருக்காகத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஏனென்றால் தேடும் முறை அதைப் பொறுத்தே மாறுகிறது.

நம் மார்க்கத்தில் வெங்காயமும் உள்ளியும் ஹலாலானவை. அவற்றைப் பச்சையாகச் சாப்பிட்டவர் வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஹதீஸ்களில் வந்திருக்கிறது. சாப்பிடுவதானால் சமைத்து அதன் வாடையைப் போக்கிவிடுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதும் பதிவாகியுள்ளது. ஆகவே நமக்கு அது வாடை பற்றிய விடயம் மட்டுமே. ஆனால் நம் அயலவர்களில் சிலருக்கு அப்படியல்ல. இந்துக்களில் வைணவ நெறியைக் கடுமையாகப் பின்பற்றுவோரும், ஜைன சமயத்தவரும் இவ்விரண்டையும் உண்பதில்லை. விரத நாட்களில் மட்டும் தவிர்ப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் நம் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்போது, அவருடைய நம்பிக்கையை மதித்துச் சமைப்பது நம் பொறுப்பல்லவா?

இரண்டாவது, வயிற்றுக்காகத் தவிர்ப்பவர்கள். வெங்காயத்திலும் உள்ளியிலும் பிரக்டான் என்றொரு மாச்சத்து இருக்கிறது. பழச் சீனியின் மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்து உண்டானது இது. இந்தச் சங்கிலியை அறுப்பதற்கான நொதியம் மனிதச் சிறுகுடலில் இல்லை. ஆகவே அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கேயுள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. எல்லோருக்கும் இது நடக்கிறது. ஆனால் எரிச்சற்குடல் நோய் உள்ளவர்களுக்குக் குடல் அளவுக்கு மீறி உணர்வுள்ளதாக இருப்பதால், அதே வாயு வயிற்று ஊதலாகவும் குத்துவலியாகவும் வயிற்றோட்டமாகவும் தெரிகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் இந்த வகை மாச்சத்துக்களைக் குறைத்து உண்ணும் முறையை வகுத்தார்கள். அதில் முதலில் நிறுத்தச் சொல்லும் பொருட்களில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன.

இந்த இருவருக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வையுங்கள். நம்பிக்கைக்காகத் தவிர்ப்பவருக்கு ஒரு சிட்டிகையும் வேண்டாம்; அதன் சாறும் வாசனையும்கூட வேண்டாம். வயிற்றுக்காகத் தவிர்ப்பவருக்கோ அளவுதான் முக்கியம், அதிலும் பிரக்டான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே உள்ளியின் எண்ணெய்ச் சாறு மட்டும் சேர்ந்த ஒரு பொருள் வயிற்றுக்காரருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. விரதக்காரருக்கு அதுவும் ஆகாது.

தூள் என்றால் கொஞ்சம்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பச்சை வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய வைக்கும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, பிரக்டான் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே 5 கிராம் வெங்காயத்தூள் என்பது சுமார் 50 கிராம் வெங்காயத்துக்குச் சமம். அதாவது ஒரு பம்பாய் வெங்காயத்தில் பாதி. உள்ளியில் தண்ணீர் அவ்வளவு இல்லை. ஆனாலும் கால் தேக்கரண்டி உள்ளித்தூள் ஒரு பல்லுக்குச் சமமாக வைத்துக் கொள்ளலாம்.

லேபலை வாசிக்கும் முறை

பக்கற்றின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம். அங்கேயுள்ள ஹலால் முத்திரை இந்த விடயத்தில் உதவாது. இந்தியப் பொருட்களில் காணும் பச்சைப் புள்ளியும் உதவாது. அது சைவ உணவு என்று மட்டுமே சொல்கிறது. வெங்காயமும் உள்ளியும் சைவம்தானே? பின்பக்கத்தைத் திருப்பி, உள்ளடக்கம் அல்லது சேர்மானங்கள் என்ற பகுதியைத் தேடுங்கள்.

அங்கே பெயர்கள் நிறை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கு வரிசையில் இருக்கும். முதலில் நேரான பெயர்களைத் தேடுங்கள். தமிழில் வெங்காயத்தூள், உள்ளித்தூள், பூண்டுத்தூள், வெள்ளைப்பூடு என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அனியன், கார்லிக். சிங்களத்தில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. லுணு என்று குறிலாக இருந்தால் உப்பு. லூணு என்று நெடிலாக இருந்தால் வெங்காயம். சுது லூணு என்றால் உள்ளி. ஓர் எழுத்தின் கால் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால், சிறிய அச்சில் இதைக் கூர்ந்து பாருங்கள். மலேசியாவிலிருந்து வரும் சோஸ் வகைகளில் பாவாங் என்ற சொல்லைக் கண்டால் நிறுத்துங்கள். பாவாங் என்றால் வெங்காயம், பாவாங் பூத்தே என்றால் உள்ளி. வளைகுடா நாடுகளிலிருந்து வீட்டார் கொண்டுவரும் மசாலாக்களில் அரபியில் பஸல் என்றால் வெங்காயம், தூம் என்றால் உள்ளி.

நேரான பெயர் இல்லையென்றால் நிம்மதியாகிவிட முடியாது. அடுத்ததாக மறைபெயர்களைப் பார்க்க வேண்டும். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், வாசனைத் திரவியங்கள் எல்லாம் சேர்ந்து பண்டத்தின் நிறையில் 2 வீதத்துக்கு மேற்படாவிட்டால், தனித்தனிப் பெயரின்றி வாசனைத் திரவியங்கள் என்று பொதுவாக எழுத இடமளிக்கிறது. இன்னொரு விதியும் உண்டு. கூட்டாகச் செய்யப்பட்ட ஒரு பொருள், உதாரணமாக ஒரு சோஸ் அல்லது கறித்தூள், பண்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உள்ளிருப்பவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று வகுக்கப்பட்டவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் வெங்காயமும் உள்ளியும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் பாலையும் நிலக்கடலையையும் கொட்டை எழுத்தில் சொல்லும் பக்கற், உள்ளியைப் பற்றி மௌனமாக இருக்கிறது.

ஆகவே வாசனைத் திரவியங்கள், சுவையூட்டி, சீசனிங், உலர்ந்த மரக்கறிகள், மரக்கறித்தூள், சூப் தூள் என்ற சொற்களைக் கண்டால், ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். இங்கே நாட்டுக்கு நாடு வழக்கம் வேறுபடும். அமெரிக்காவில் வெங்காயத்தூளையும் உள்ளித்தூளையும் உணவுப் பொருளாகவே கணக்கிடுவதால், மசாலா, சோஸ் போன்றவற்றில் அவற்றைப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். அவற்றை வாசனைத் திரவியம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. எல்லா நாட்டுப் பொருளுக்கும் அந்த உறுதியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு ஜும்ஆ நாள் சாப்பாடு

இனி ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். மாமிக்கு நெடுநாளாக வயிற்று ஊதல். வைத்தியர் பார்த்துவிட்டு, சில வாரங்களுக்கு வெங்காயமும் உள்ளியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மருமகள் அவர் சொன்னபடியே செய்கிறாள். வெள்ளிக்கிழமை பகல் நெய்ச்சோறு, கோழிக்கறி, பருப்பு, பக்கத்தில் தக்காளி சோஸ். வெங்காயமோ உள்ளியோ ஒரு துண்டும் போடவில்லை. ஆனாலும் அஸருக்குப் பிறகு மாமிக்கு வயிறு கல்லுப்போல் ஆகிவிடுகிறது. மருந்து சரியில்லை என்கிறார் மாமி. மருமகள் பக்கற்றுக்களை எடுத்து வைத்துக் கொண்டு உட்காருகிறாள்.

முதலில் கோழிக்கறி மசாலா. ஒரு கிலோ கோழிக்கு 50 கிராம் பக்கற். சேர்மானங்கள்: மல்லி, மிளகாய், உப்பு, வெங்காயத்தூள், சீரகம், உள்ளித்தூள், மஞ்சள், வாசனைத் திரவியங்கள். வெங்காயத்தூள் எவ்வளவு என்று போடப்படவில்லை. ஆனால் கணக்குப் போடலாம். போசணை அட்டவணையில் 100 கிராமுக்கு உப்பு 12 கிராம் என்று இருக்கிறது. அப்படியானால் 50 கிராம் பக்கற்றில் உப்பு 6 கிராம். வெங்காயத்தூள் உப்புக்குப் பின்னால் வருவதால் அது 6 கிராமுக்கு மேற்பட முடியாது. சீரகத்துக்கு முன்னால் வருவதால் சீரகத்தைவிடக் குறையவும் முடியாது. இப்படியான மசாலாவில் சீரகம் 3 கிராம் என்று வைத்துக் கொண்டால், வெங்காயத்தூள் 3 முதல் 6 கிராம் வரை. பச்சை வெங்காயத்தில் 30 முதல் 60 கிராம். அதாவது அவள் கையால் போடாத அரை வெங்காயத்தைப் பக்கற் போட்டுவிட்டது.

அந்தக் கறியை ஐந்து பேர் சாப்பிட்டால் மாமியின் பங்கு பெரிதல்லவே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. நெய்ச்சோற்றுக்குப் போட்ட சூப் கட்டியில் வெங்காயமும் சுவையூட்டியும் இருக்கின்றன. தக்காளி சோஸில் தக்காளி, சீனி, வினாகிரி, உப்பு இவற்றின் பின்னால் வெங்காயத்தூள், உள்ளித்தூள் என்று வருகிறது. காலையில் இடியப்பத்தோடு உண்ட சம்பலுக்குச் சேர்த்த கடைச் சில்லி பேஸ்ற்றில் உள்ளி. வயிற்றுக்குள் இவையெல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. பிரக்டான் பெருங்குடலை அடையச் சில மணி நேரம் ஆவதால், பகல் உண்டது அஸருக்குப் பிறகும், இரவு உண்டது மறுநாளும் தொல்லை தரும். அதனால்தான் எந்தச் சாப்பாட்டினால் வந்தது என்று கண்டுபிடிப்பது கடினமாகிறது.

பருப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதில் பக்கற் எதுவும் சேரவில்லை. ஆனாலும் அது குற்றமற்றதென்று விட்டுவிட முடியாது. பருப்பிலும் இதுபோன்றே வாயு உண்டாக்கும் வேறொரு மாச்சத்து உண்டு. எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் காரணம் எது என்று தெரியாமலே போய்விடும். அந்த மருமகள் முதலில் பக்கற் மசாலாவையும் சூப் கட்டியையும் சோஸையும் நிறுத்துகிறாள், பருப்பை அப்படியே வைத்திருக்கிறாள். ஒரு வாரத்தில் ஊதல் தணிந்தால் திருடன் யாரென்று தெரிந்துவிடும். தணியாவிட்டால் அடுத்து பருப்பைப் பார்க்கலாம்.

எவற்றைச் சந்தேகிப்பது?

அனுபவத்தில் அதிகம் அகப்படுபவை இவை: பிரியாணி மசாலா, பொரித்த கோழிக்கான மாத்தூள், உடனடி நூடில்ஸின் சுவைத்தூள், சூப் கட்டிகள், சில்லி சோஸ், தக்காளி சோஸ், வூஸ்டர் சோஸ், கோழிச் சொசேஜஸ், சுவை சேர்த்த உருளைக்கிழங்குச் சிப்ஸ். இவற்றை வாசிக்காமல் வாங்கக் கூடாது. கடையில் விற்கும் மிக்சரில் உள்ளியைத் தோலோடு பொரித்துப் போடுவதும் வழக்கம்.

தனி மிளகாய்த்தூள், தனி மஞ்சள், மிளகு, சீரகம், மல்லி ஆகியவற்றில் பொதுவாக இந்தப் பிரச்சினை இல்லை. நம் ஊர் வறுத்த கறித்தூளிலும் பெரும்பாலும் வெங்காயம் சேர்ப்பதில்லை. சாதாரண சோயா சோஸ் சோயா அவரை, கோதுமை, உப்பு ஆகியவற்றைப் புளிக்க வைத்துச் செய்வது. ஆனால் காளான் சுவை, உள்ளிச் சுவை என்று பெயர் சேர்ந்து வந்தால் மீண்டும் லேபலைப் பார்க்க வேண்டும்.

லேபலே இல்லாவிட்டால்?

சந்தையில் நிறுத்து வாங்கும் மசாலாவுக்கு லேபல் ஏது? அதற்கு ஒரு சிறு சோதனை உண்டு. ஒரு தேக்கரண்டி தூளைக் கண்ணாடிக் கோப்பையில் இட்டு, வெதுவெதுப்பான நீர் கால் கோப்பை ஊற்றி, மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். உலர்ந்த உள்ளியின் வாடை நீர் பட்டதும் மீண்டும் எழும்பும். கொதிநீர் ஊற்ற வேண்டாம். அந்த வாடையை உண்டாக்கும் நொதியத்தைச் சூடு அழித்துவிடும். நொறுக்கிய வெங்காயம் சேர்ந்திருந்தால் வெளிறிய சிறு துண்டுகள் ஊறிப் பருத்துத் தெரியும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. பெருங்காயத்தின் வாடையும் உள்ளியைப் போலவே இருக்கும், ஏமாறக் கூடாது. மறுபுறம், நன்றாக வறுத்த உள்ளி வாடையே தராமல் இருக்கலாம். ஆகவே வாடை வந்தால் சந்தேகப்படலாம், வராவிட்டால் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. விரதக்காரருக்குச் சமைக்கும்போது இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

நிறுவனத்திடம் கேட்பதானால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். வெங்காயம் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். இப்படிக் கேளுங்கள்: இந்தப் பொருளில் வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகியவை தூளாகவோ, சாறாகவோ, சுவையூட்டிக்குள்ளோ சேர்ந்திருக்கின்றனவா? வாசனைத் திரவியங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பவை எவை? பதிலை எழுத்தில் பெற்று, தேதியையும் குறித்து வையுங்கள். சேர்மானம் மாறுவதுண்டு என்பதால் புதிய பக்கற்றையும் ஒருமுறை வாசியுங்கள்.

வீட்டிலேயே ஒரு தூள்

தேடி அலுத்தவர்களுக்கு இலகுவான வழி, சொந்தமாகத் தூள் செய்து கொள்வதுதான். மல்லி 100 கிராம், சீரகம் 25 கிராம், பெருஞ்சீரகம் 25 கிராம், மிளகு 15 கிராம், கறுவாப்பட்டை இரண்டு துண்டு, ஏலக்காய் எட்டு, கராம்பு எட்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. கறிவேப்பிலையையும் ரம்பையையும் முதலில் மொறுமொறுப்பாகும் வரை வறுத்தெடுங்கள். மற்றவற்றைத் தனித்தனியே இளஞ்சூட்டில் மணம் வரும் வரை வறுத்து, ஆறிய பின் எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். மில்லில் அரைக்கக் கொடுப்பதானால், அதற்கு முன் அதே இயந்திரத்தில் யாராவது உள்ளி சேர்ந்த மசாலா அரைத்தார்களா என்று கேட்டுக் கொள்ளுங்கள். மிளகாயும் மஞ்சளும் சமைக்கும்போது தனியே போடலாம். காற்றுப் புகாத போத்தலில் இட்டு இரண்டு மூன்று மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வெங்காயத்தின் சுவை இல்லாமல் கறி சப்பென்று இருக்குமே என்றால், இருவருக்கும் இருவேறு வழி. விரதக்காரருக்குக் காய்ந்த எண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போதும். கடையில் விற்கும் பெருங்காயத்தூளில் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. கோதுமை ஆகாதவருக்கு அரிசி மா கலந்ததைத் தேடுங்கள்.

வயிற்றுக்காரருக்கு உள்ளி எண்ணெய் உதவும். இரண்டு மூன்று பல் உள்ளியை முழுதாகவே எண்ணெயில் இட்டு, இளஞ்சூட்டில் மணம் இறங்கும் வரை வைத்து, ஒரு துண்டும் மிஞ்சாமல் எடுத்துவிட்டுச் சமையுங்கள். மணம் எண்ணெயில் தங்கும், பிரக்டான் உள்ளியோடு வெளியே போய்விடும். தண்ணீரோ தேங்காய்ப்பாலோ சேர்த்த பின் உள்ளியைப் போட்டு எடுத்தால் இது பலிக்காது, ஏனென்றால் பிரக்டான் நீரில் கரைந்துவிடும். இந்த எண்ணெயை அன்றன்றே செய்து அன்றே முடித்துவிட வேண்டும். வெளியில் வைத்த உள்ளி எண்ணெயில் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக் கூடும். முகர்ந்தோ பார்த்தோ அதை அறிய முடியாது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் லீக்ஸின் பச்சை இலையையும் அளவோடு அவர் உண்ணலாம். வெள்ளைப் பகுதியை விட்டுவிடுங்கள்.

வயிற்றுக்காகச் செய்யும் இந்த விலக்கு ஆயுள் முழுவதற்கும் அல்ல. இரண்டு முதல் ஆறு வாரங்களின் பின் வைத்தியரின் யோசனையோடு சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்த அளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பலருக்குச் சிறிதளவு ஒத்துக் கொள்கிறது. மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வலி இவற்றில் ஏதேனும் இருந்தால் மசாலாப் பக்கற்றில் காரணம் தேடிக்கொண்டு இராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

விரதமிருக்கும் அயல் வீட்டுக்குப் பெருநாளில் ஏதாவது கொடுத்தனுப்ப விரும்பினால், பிரியாணிச் சகனில் சந்தேகப்பட்டுக் கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் முட்டை உண்பவர்களா என்று கேட்டுவிட்டு வட்டிலப்பம் அனுப்பலாம். உண்ணாதவர்களானால் பேரீச்சம்பழமும் பழங்களும் அனுப்பலாம். சமைத்த உணவே அனுப்புவதானால், அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.